வட்டி குறைகிறது, சரி, பணம் மிச்சமாகிறதா? வீட்டுக்கடனை வேறு வங்கிக்கு மாற்றும் முன் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் வைத்துப் படிப்பது எப்படி

நண்பர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. இடது பக்கம் அவர் இப்போது கட்டும் இஎம்ஐ 32,260 ரூபாய். வலது பக்கம், கடனை மாற்றினால் கட்டப்போவது 27,409 ரூபாய். நடுவில் பெரிய எழுத்தில் ‘மாதம் 4,851 ரூபாய் மிச்சம்’. கணக்கில் தப்பு எதுவும் இல்லை. ஆனாலும் அந்த வலது பக்கத்தை நம்பி மாறியிருந்தால் அவர் கையிலிருந்து மொத்தத்தில் கிட்டத்தட்ட 2.88 லட்சம் ரூபாய் அதிகம் போயிருக்கும். வட்டி 9.25 சதவீதத்திலிருந்து 8.40 ஆகக் குறைந்தும்!

இது எப்படி நடக்கிறது, அதைக் காகிதத்தில் எங்கே பிடிப்பது என்று அவருடைய கணக்கையே வைத்துப் பார்ப்போம். அவ்வப்போது ஏறி இறங்கும் மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனைப் பற்றியே பேசுகிறேன். கணக்கு போட எக்செல் அல்லது கூகுள் ஷீட் இருந்தால் போதும்.

முதலில் சரியான காகிதங்களை வாங்குங்கள்

வங்கியின் செயலியில் தெரியும் ‘பாக்கி’ தொகையை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அது பெரும்பாலும் அசல் பாக்கி மட்டும்தான். பழைய வங்கியிடம் ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட் கேளுங்கள். குறிப்பிட்ட தேதியில் கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை உடைத்துச் சொல்லும் காகிதம் அது. கூடவே கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்டையும் வாங்கிவிடுங்கள்.

புதிய வங்கியிடம் சலுகைக் கடிதத்தோடு கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் என்ற முக்கிய விவரத் தாளையும் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் தரப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கட்டணங்கள், அவற்றையும் வட்டியோடு சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் சதவீத விகிதம், மாதவாரியான தவணை அட்டவணை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளில் சொல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. ‘சாங்ஷன் ஆன பிறகுதான் சார் தருவோம்’ என்று முகவர் சொன்னால், வந்த பிறகே முடிவெடுக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். தாள் கைக்கு வந்தபின் யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு.

பழைய ஸ்டேட்மென்டில் எதைப் பார்ப்பது

நண்பரின் ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்டில் மொத்தம் 28,12,294 ரூபாய் என்று இருந்தது. பார்த்ததும் அவர், ‘பாக்கி 28 லட்சம்தானே, 12,000 கூடப் போடுறாங்களே’ என்று பதறினார். உடைத்துப் பார்த்தால் அசல் 28,00,000. கடைசித் தவணைக்குப் பிறகான 14 நாள் வட்டி 9,934. பிற கட்டணம் 2,360.

இந்த 14 நாள் வட்டி, மாறுவதால் வரும் செலவு இல்லை. மாறாமல் இருந்தாலும் அடுத்த இஎம்ஐயில் அது போகத்தான் போகிறது. அதனால் ஒப்பீட்டில் அதைச் சேர்க்கக் கூடாது. பிற கட்டணம் 2,360 என்னவென்று கேட்டதில், முன்னொரு மாதம் கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பியதற்கான பழைய பாக்கி என்றார்கள். அதுவும் எப்படியும் கட்ட வேண்டியதே. ஆனால் அந்த இடத்தில் ‘முன்கூட்டியே முடிக்கும் கட்டணம்’ என்று ஏதாவது இருந்தால் விடாதீர்கள். மிதக்கும் வட்டியில், தொழில் அல்லாத தேவைக்குத் தனிநபர் வாங்கிய கடனுக்கு இந்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நிலையான வட்டிக் கடனாகவோ, முதல் சில வருடம் மட்டும் நிலையான வட்டியுள்ள கடனாகவோ இருந்தால் கதை வேறு. ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது மீதி மாதங்கள். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘நான் 20 வருஷக் கடன் வாங்கினேன், 9 வருஷம் முடிஞ்சது, மீதி 11’ என்று மனக்கணக்கு போடாதீர்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குத் தரும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக ஏறியது. அப்போது பல வங்கிகள் இஎம்ஐயைத் தொடாமல் தவணைக் காலத்தை நீட்டிவிட்டன. இஎம்ஐ மாறாததால் பலர் அதைக் கவனிக்கவே இல்லை. எக்செல்லில் நீங்களே சரிபார்த்துவிடலாம்:

```
=NPER(9.25%/12, -32260, 2800000)
```

இங்கே விடை 144 மாதம் என்று வரும். ஸ்டேட்மென்டில் உள்ள மீதி மாதங்களும் இதுவும் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால், பயன்படுத்திய வட்டியோ அசலோ தவறு. சலுகைக் கடிதத்தைத் தொடும் முன் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, பழைய கடன் தொடர்ந்தால் கட்டப்போவது 32,260 ரூபாய் வீதம் 144 மாதம், மொத்தம் 46,45,440 ரூபாய். இந்த எண்ணைத் தாளின் மேலே எழுதி வையுங்கள்.

சலுகைக் கடிதத்தில் மூன்று வரிகள்

கடிதம் எத்தனை பக்கமாக இருந்தாலும் முதலில் தேட வேண்டியவை கடன் தொகை, வட்டி, தவணைக் காலம். நண்பருக்கு வந்த கடிதத்தில் வட்டி 8.40 என்று வாட்ஸ்அப்பில் சொன்னபடியே இருந்தது. தவணைக் காலம் 180 மாதம். கடன் தொகை 28,68,000. இஎம்ஐ 28,075.

இஎம்ஐ 27,409 என்றுதானே படத்தில் இருந்தது? இந்த 666 ரூபாய் வித்தியாசத்தைப் பிடித்து இழுத்தால் கடன் தொகையில் போய் நிற்கும். பாக்கி 28 லட்சம், கடிதத்தில் 28.68 லட்சம். கூடுதலாக உள்ள 68,000 ரூபாய், கடனோடு சேர்த்துவிட்ட காப்பீட்டுப் பிரீமியம். மாதம் 666 வீதம் 180 மாதம் கட்டினால் அந்த 68,000 ரூபாய்க் காப்பீட்டுக்கு 1.2 லட்சம் போகிறது. கடிதத்தின் கடன் தொகை உங்கள் அசல் பாக்கியைவிட அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசம் காப்பீடா, டாப்-அப் கடனா, தொகையோடு சேர்த்துவிட்ட கட்டணமா என்று ஒரு ரூபாய் விடாமல் கேட்டுவிடுங்கள். காப்பீடு வேண்டாம் என்றில்லை. ஏற்கெனவே டேர்ம் பாலிசி இருக்கிறதா, இந்தப் பாதுகாப்பு தனியே வாங்கினால் என்ன விலை என்று தனியாக முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. கடன் மாற்றத்தின் லாபக் கணக்கில் அதைக் கலக்க விடாதீர்கள்.

இப்போது காலம். 144 மாதத்தில் முடியவேண்டிய கடன் 180 மாதமாக நீள்கிறது. காப்பீட்டை விட்டுவிட்டே பார்த்தாலும் 27,409 ரூபாயை 180 மாதம் கட்டினால் மொத்தம் 49,33,620. மேலே எழுதி வைத்த 46,45,440-ஐக் கழித்தால் 2,88,180 ரூபாய் அதிகம். ஆரம்பத்தில் சொன்ன இழப்பு இதுதான். இஎம்ஐ குறைந்ததில் பெரும்பகுதி வட்டி குறைந்ததால் வந்தது அல்ல, கடன் மூன்று வருடம் நீண்டதால் வந்தது.

மாதச் செலவு நெருக்குகிறது, இஎம்ஐ குறைந்தே ஆகவேண்டும் என்ற நிலையில் காலத்தை நீட்டுவது நியாயமான முடிவாகக்கூட இருக்கலாம். ஆனால் அதற்குப் பெயர் மிச்சம் இல்லை.

காலத்தைச் சமமாக்கிப் பாருங்கள்

உண்மையான ஒப்பீட்டுக்கு ஒன்று காலத்தைச் சமமாக வைக்க வேண்டும், இல்லையென்றால் இஎம்ஐயைச் சமமாக வைக்க வேண்டும். இரண்டும் மாறினால் எதையும் ஒப்பிட முடியாது.

```
=PMT(8.4%/12, 144, -2800000)
=NPER(8.4%/12, -32260, 2800000)
```

முதல் வரிக்கு விடை 30,926 ரூபாய். அதாவது அதே 144 மாதத்தில் முடித்தால் மாதம் 1,334 ரூபாய் குறையும், மொத்தத்தில் 1,92,096. படத்தில் இருந்த 4,851 எங்கே, இந்த 1,334 எங்கே!

இரண்டாவது வரிக்கு விடை 134 மாதம், சற்றே கூட. பழைய இஎம்ஐ 32,260-ஐயே புதிய வங்கியிலும் தொடர்ந்து கட்டினால் கடன் பத்து மாதம் முன்னதாகவே முடியும். மிச்சம் சுமார் 3.19 லட்சம். நான் எப்போதும் இந்த இரண்டாவது முறையைத்தான் பரிந்துரைப்பேன். கையிலிருந்து மாதம் போகும் தொகை மாறுவதில்லை, பழகிய பட்ஜெட் அப்படியே இருக்கிறது, மிச்சமும் அதிகம். ஆனால் வாயால் சொன்னால் போதாது. கடிதத்தில் தவணைக் காலம் 180 என்று அச்சாகியிருந்தால் இஎம்ஐ 28 ஆயிரத்துச் சொச்சமாகத்தான் பிடிப்பார்கள். 134 அல்லது 135 மாதம் என்று திருத்திய கடிதம் கேட்டு வாங்குங்கள்.

செலவைக் கழியுங்கள்

நண்பரின் கணக்கில் செலவுகள் இப்படி வந்தன. பரிசீலனைக் கட்டணம் கால் சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 8,260. வக்கீல் கருத்துக்கும் சொத்து மதிப்பீட்டுக்கும் 5,900. பத்திரங்களைப் புதிய வங்கியிடம் ஒப்படைத்ததற்கான எம்ஓடி பதிவுக்கு, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 20,000. பழைய எம்ஓடியை ரத்து செய்யும் ரசீதுப் பதிவு, வில்லங்கச் சான்று, நகல் என்று சில்லறையாக 3,340.

இந்த எம்ஓடி செலவுதான் பலருக்குக் கடைசி நேரத்தில் தெரியவருகிறது. ‘ஜீரோ பிராசசிங் ஃபீஸ்’ என்று விளம்பரம் செய்யும்போதுகூட இது இருக்கும், ஏனென்றால் இது அரசுக்குப் போகும் பணம். மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வங்கியில் கடன் வாங்கியபோது இதே செலவை ஒருமுறை கட்டியாயிற்றே என்ற எரிச்சல் வரும். என்ன செய்ய, மறுபடி கட்டத்தான் வேண்டும்.

இன்னொரு செலவு எந்தக் கடிதத்திலும் இருக்காது. புதிய வங்கி 3-ஆம் தேதி காசோலை எழுதுகிறது. அன்றிலிருந்து அதன் வட்டி ஓடும். பழைய வங்கி அதை வாங்கிக் கணக்கில் வரவு வைக்க 10-ஆம் தேதி ஆகிறது. அதுவரை அதன் வட்டியும் ஓடும். ஏழு நாளைக்கு இரண்டு வங்கிக்கும் வட்டி. 28 லட்சத்துக்கு 8.40 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி 644 ரூபாய். ஏழு நாளைக்கு ஏறத்தாழ 4,500.

மொத்தம் 42,000 ரூபாய். 3.19 லட்சத்தில் இதைக் கழித்தால் நிகர மிச்சம் சுமார் 2.77 லட்சம்.

இந்த 42,000 எப்போது திரும்பி வரும்? முதல் மாதத்தில் பழைய வங்கிக்குப் போகும் வட்டி 21,583. புதியதில் 19,600. வித்தியாசம் 1,983 ரூபாய். இரண்டிலும் அதே இஎம்ஐ கட்டினால் ஆரம்ப மாதங்களில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். மாதாமாதம் கூட்டிக்கொண்டே போனால் சுமார் 21-ஆவது மாதத்தில் செலவு ஈடாகிறது. அதற்குள் வீட்டை விற்கும் எண்ணமோ, ஓய்வூதியப் பணத்தில் கடனை மொத்தமாக அடைக்கும் எண்ணமோ இருந்தால், இந்த மாற்றம் நஷ்டம்தான். கடன் ஏற்கெனவே கடைசி மூன்று நான்கு வருடத்தில் இருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். வட்டியின் பெரும்பகுதியை முன்பே கட்டி முடித்திருப்பீர்கள்.

பழைய வங்கியிடம் ஒரு மனு

புதிய வங்கியின் கடிதத்தை எடுத்துக்கொண்டு பழைய வங்கிக்குப் போங்கள். வட்டியைக் குறைத்துத் தரும் வசதி பெரும்பாலும் எல்லா இடத்திலும் உண்டு. கட்டணம் ஒன்று இருக்கும், அவ்வளவுதான். கேட்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வசதி இது. புதிய வாடிக்கையாளருக்கு 8.50-க்கும் குறைவாகக் கடன் கொடுத்துக்கொண்டே, பழைய வாடிக்கையாளரை 9.25-இல் வைத்திருப்பது வழக்கம்தான்.

நண்பருக்கு வங்கி 8.65 தருவதாகச் சொன்னது. மாற்றக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 5,900. புதிய வங்கியின் 8.40-ஐவிட இது கால் சதவீதம் அதிகம் என்பதால் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தோன்றும். கணக்கு போட்டுப் பாருங்கள். அதே 32,260 இஎம்ஐயில் கடன் சுமார் 137 மாதத்தில் முடிகிறது. மிச்சம் 2.32 லட்சம், கட்டணம் போக 2.26 லட்சம்.

புதிய வங்கிக்குப் போனால் 2.77 லட்சம், இங்கேயே இருந்தால் 2.26 லட்சம். பதினோரு வருடத்தில் 51 ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். இதற்காக வக்கீல், மதிப்பீட்டாளர், சார்பதிவாளர் அலுவலகம் என்று அலைவதா, இல்லையா என்பது அவரவர் விருப்பம். ஆனால் காப்பீட்டோடு சேர்த்து 28.68 லட்சமாகவே மாறியிருந்தால்? அதே இஎம்ஐயில் கட்டினாலும் நிகர மிச்சம் ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு இறங்கிவிடும். பழைய வங்கியிலேயே இருப்பதைவிட 1.26 லட்சம் குறைவு. கால் சதவீத வட்டி கொடுத்த லாபத்தை அந்த ஒரு வரி விழுங்கிவிடுகிறது.

அந்த 8.40 எவ்வளவு நாளைக்கு?

மேலே போட்ட கணக்கெல்லாம் வட்டி இப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டு போட்டது. மிதக்கும் வட்டி அப்படி இருக்காது. அதனால் 8.40 என்ற எண்ணைவிட அது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் மிதக்கும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்திருக்க வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்துக்கொள்ளலாம்.

பழையதும் புதியதும் ரெப்போவோடு இணைந்தவை என்றால் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும், 0.85 என்ற இடைவெளி ஏறக்குறைய நிற்கும். பழையது ரெப்போ, புதியது நிறுவனத்தின் சொந்த விகிதம் என்றால் அந்த இடைவெளிக்கு உத்தரவாதம் கிடையாது. ரெப்போ இறங்கும்போது உங்கள் வட்டியும் அதே வேகத்தில் இறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கடிதத்தில் ‘அடிப்படை விகிதம்’, அதன்மேல் ‘ஸ்பிரெட்’ என்று இரண்டு எண் இருக்கும். முதல் வருடத்துக்கு மட்டும் ஸ்பிரெட் குறைவா, எம்ஓடி பதிவாகும் வரை கூடுதல் வட்டி உண்டா, சிபில் மதிப்பெண் குறைந்தால் ஸ்பிரெட் ஏறுமா என்று தேடுங்கள். ஓர் எளிய சோதனை: 8.40-க்குப் பதில் 8.75 போட்டு மேலே உள்ள `NPER` வரியை மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் செலவு போக மிச்சம் நின்றால் மட்டுமே அடுத்த அடி.

மாறுவது என்று முடிவானால்

ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்டுக்கு ஒரு காலாவதித் தேதி இருக்கும். காசோலை அதற்குள் போய்ச் சேரவில்லை என்றால் தினம் 710 ரூபாய் வட்டி குறையாக விழுந்து, சில நூறு ரூபாய்க்காகக் கடன் முடியாமல் தொங்கும். அந்தப் பாக்கிக்கு அபராதம் ஓடும், சிபிலில் இரண்டு கடனும் திறந்தே தெரியும். அதனால் நாலைந்து நாள் வட்டியைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு, வரவு வைக்கும் நாளில் பழைய கிளைக்கு நேரில் போய்விடுங்கள். பழைய இஎம்ஐயைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கக் கொடுத்த உத்தரவை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த 5-ஆம் தேதி 32,260 மறுபடி போகும். திரும்ப வாங்க அலைய வேண்டும்.

கடன் முழுதும் தீர்ந்தபின் 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதி. கடன் வாங்கியபோது கொடுத்த பத்திரப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள். தாய்ப் பத்திரம் ஒன்று விடுபட்டாலும் புதிய வங்கி அதைக் காரணம் காட்டி எம்ஓடியைத் தள்ளிப்போடும்.

நண்பர் கடைசியில் மாறவில்லை. 5,900 ரூபாய் கட்டி 8.65-க்கு மாற்றிக்கொண்டார். இஎம்ஐயைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று மனுவிலேயே எழுதிக் கொடுத்தார். அடுத்த மாத ஸ்டேட்மென்டில் மீதி 137 என்று வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.